ஜன்னலில் நிற்பவள்

ஜன்னல் வெறும் வெள்ளையாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர் கேப்டன்.

அவருக்குக் கப்பலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் ஒரு கூட்டத்தையே மேய்த்து, மூன்று வருடமாக ஒரே விளையாட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர் என்பதால் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள். விடுமுறை நாளில் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் சோதனை அறைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, முதல் கட்டம் முடியுற இடத்துல அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புறால்ல. திரும்பிப் பார்த்தா ஜன்னல்ல அவ அம்மா நிப்பாளே. என் வீட்ல அம்மாவைக் காணோம்."

"காணோம்னா?"

"ஜன்னல் இருக்கு. வெளிச்சம் இருக்கு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரே வெள்ளை. அம்மா இல்ல. 'இதுக்கா மூணு வருஷம் வீட்டுக்கே ஒழுங்கா வராம கிடந்தீங்க'ன்னு கேக்குறா என் வீட்டுக்காரி."

அவள் சிரித்தாள். சோதனை அறை அவளுடையது. சுவர்களுக்குச் சாம்பல் நிறம் பூசி, வெளிச்சம் உள்ளே வராமல் அடைத்து, சிறிதும் பெரிதுமாகத் தொலைக்காட்சிகளை வரிசையாக நிறுத்திய அறை. விளையாட்டு எந்தத் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது அவள் வேலை. டிவி டாக்டர் என்று பெயர். அவள் வீட்டில் இருந்ததோ பழைய தொலைக்காட்சி. 'டாக்டர் வீட்டு டிவிக்குத்தான் தீராத சளி' என்று அவள் கணவன் கேலி செய்வான்.

கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். சோதனை அறைக்கு அடுத்த கூடத்தில், விளையாட்டுக்குள் வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும், எந்த மூலையில் நிழல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன். அவனுக்கு 'விளக்கு' என்று பெயர். அந்த ஜன்னல் அவன் செய்தது.

"உங்க டிவிக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்ன தெரியும், நான் சொல்றதைக் கேக்கும். வீட்ல அது ஒண்ணுதான் கேக்குது."

"கேப்டன்."

"சரி சரி. எச்டிஆர் உண்டு. சாதாரண எச்டிஆர். உன் பெரிய டிவில இருக்கிற அந்த உசத்தி ரகம் இல்ல."

அந்த வித்தியாசத்தை அவள் பலருக்கும் விளக்கிச் சலித்திருந்தாள். வெளிச்சத்தையும் இருட்டையும் பழைய திரைகளைவிட விரிவாகக் காட்டுவது எச்டிஆர். அதில் சாதாரண வகை, தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் தொலைக்காட்சியிடம் சொல்லும்: இதன் உச்ச வெளிச்சம் இவ்வளவு. அதன்பிறகு குகைக்குள் போனாலும் பனிமலை ஏறினாலும் அதே ஒரு கணக்குத்தான். இன்னொரு வகை, ஒவ்வொரு கணத்துப் படத்தோடும் ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பும்: இந்தப் படத்தில் இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு இருட்டு. தொலைக்காட்சி அதைப் படித்து, தன்னால் முடிந்த அளவுக்குள் அந்தப் படத்தை அழகாக மடித்து வைத்துக்கொள்ளும். சினிமாவில் அந்தக் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். விளையாட்டில் ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே விளையாட்டை ஓட்டும் பெட்டியான கன்சோல் அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். தொலைக்காட்சிக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். படம் பார்க்கும்போது தெரிந்தால் போதாது, தாமதமில்லாத கேம் மோடிலும் தெரிய வேண்டும். பல தொலைக்காட்சிகள் சினிமாவுக்கு அந்த மொழியைப் பேசும், விளையாட்டென்றால் வாயை மூடிக்கொள்ளும். சில, நொடிக்கு அறுபது படம் வரை பேசும். நூற்றிருபது என்றால் பழைய சாதாரண வகைக்கு இறங்கிவிடும். இவர்கள் விளையாட்டு வெளியாகவிருந்த இரண்டு கன்சோல்களில் ஒன்றுக்கு அந்த மொழியே தெரியாது.

"கன்சோல்ல அளவு சரிபார்க்கிற திரை வந்திருக்குமே. அதுல என்ன பண்ணினீங்க?"

"ஒரு குறி தெரிஞ்சுது. அது மறையிற வரைக்கும் பட்டனை அழுத்துன்னு போட்டிருந்துது. மறைஞ்சுது. இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு கடைசி வரைக்கும் அழுத்திட்டேன்."

"அதான். உங்க டிவியால காட்ட முடியாத வெளிச்சத்தைக் காட்ட முடியும்னு கன்சோல்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. அது நம்பி அனுப்புது. இது முழுங்கத் தெரியாம வெள்ளையா துப்புது. குறி மறைஞ்ச இடத்துலேயே நிறுத்துங்க. டிவி தானா வெளிச்சத்தை ஏத்தி இறக்குற அமைப்பையும் அணைச்சிடுங்க, ஒரே வேலையை ரெண்டு பேரு பண்ண வேணாம்."

"அவ்வளவுதானா?" கேப்டன் முகம் தெளிந்து போனார்.

அவளும் அவ்வளவுதான் என்று நினைத்தாள். மதியம் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். "உன் அம்மாக்காரியைக் கேப்டன் வீட்டுல காணோமாம்." அவன் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "எங்க போயிருப்பா, கேப்டன் மொகத்தைப் பார்த்து உள்ள போயிருப்பா" என்றான். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டினான். கை குவளைக்குப் பக்கத்தில் பட்டது. மேசையின்மேல் விரல்கள் ஒரு அங்குலம் நகர்ந்து குவளையைக் கண்டுபிடித்தன. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தது மனதில் நிற்கவில்லை.

மறுநாள் கேப்டனிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லாவற்றையும் அவள் சொன்னபடி மாற்றிவிட்டுத் தன் திரையை அவர் கைபேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். ஜன்னல் வெள்ளையாகவே இருந்தது.

அதே ரகத் தொலைக்காட்சி அவள் அறையிலும் ஒன்று இருந்தது. வரிசையின் கடைசியில், வலது ஓரத்தில். அதை இயக்கினாள். கன்சோலின் கம்பி செருகியிருந்த துளையைத் தொலைக்காட்சியின் அமைப்பில் முழு வேகத்துக்கு மாற்றினாள். கேம் மோட். தானியங்கி வெளிச்சம் அணைந்திருக்கிறது. குறி மறையும் கணத்தில் நிறுத்தினாள். இனி தொலைக்காட்சி மேல் பழி போட எதுவும் இல்லை.

சிறுமி வீட்டை விட்டு வெளியே வந்தாள். வாசல், மண் பாதை, வேலி. அவள் கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழைத் திருப்பிச் சிறுமியைத் திரும்பிப் பார்க்க வைத்தாள். வீடு நிழலில் கிடந்தது. ஜன்னல் மட்டும் எரிந்தது. உள்ளே யாருமில்லை.



இத்தனை மாதமாக யாருக்கும் ஏன் தெரியவில்லை என்பது சட்டென்று புரிந்தது. அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பது எப்போதும் நடுவிலிருந்த பெரிய தொலைக்காட்சியில். உசத்தி ரகம் தெரிந்தது, குறிப்பைப் படித்து மடித்துக்கொள்வது. அதே போன்ற ஒன்றுதான் கணவன் மேசையிலும். யாரும் அந்த அமைப்பை மாற்றியதே இல்லை. மாற்ற என்ன அவசியம், படம்தான் அவ்வளவு அழகாக இருக்கிறதே. எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டினாலும் பெரிய தொலைக்காட்சி வாங்கிக்கொண்டது. கொட்டியது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

விளையாட்டுக்குள் ஒரு சோதனைப் பார்வை உண்டு. அதைப் போட்டால் வெளிச்சத்தின் அளவுக்கேற்பத் திரை நிறம் மாறும்: வீட்டுத் தொலைக்காட்சிகள் தாங்குவது பச்சை, அதற்கு மேல் மஞ்சள், எதுவும் தாங்காதது சிவப்பு. போட்டாள். ஜன்னல் முழுவதும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள்ளே, சற்றே மங்கிய சிவப்பில், ஒரு பெண்ணின் வடிவம். அம்மாவுக்கும் அவள் பின்னால் இருந்த வெயிலுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. சாதாரண எச்டிஆரின் ஒரே கணக்கு அந்த உயரத்தை எல்லாம் சேர்த்து ஒரே வெள்ளையாக நசுக்கியிருந்தது.

இது அவன் கையல்ல என்று நினைத்தாள். அவன் கை கருமித்தனமானது. வெளிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவன். 'ஒரு இடத்துல பளிச்சுன்னு இருக்கணும்னா மத்த எல்லா இடத்துலயும் வாயை மூடிட்டு இருக்கணும்' என்பான்.

அவன் செய்த மற்ற கட்டங்களைத் திறந்தாள். முதல் வருடம் செய்த கிணற்றடி: பச்சை, ஓரத்தில் நூலாக மஞ்சள். அடுத்து செய்த சந்தை: கூரை ஓட்டைகளில் மஞ்சள். அதற்கடுத்த பாலம்: மஞ்சள், தண்ணீரில் சிவப்புச் சிதறல். போன மழைக்காலத்தில் செய்த ஆலை: கொதிகலன் முழுவதும் சிவப்பு. கடைசியாகச் செய்தது இந்த வீடு. கதையில் முதலில் வருவதை அவன் கடைசியில்தான் செய்தான்.

வரிசையாகப் பார்த்தபோது அது ஒரு மனிதன் குரலை உயர்த்திக்கொண்டே போவது போல இருந்தது. எதிரில் இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உரக்க.

எதிரில் இருப்பவர் யார்?

அவள் சோதனைப் பார்வையை அணைத்தாள். குவளையின் பக்கத்தில் நகர்ந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கிய பிறகு நுழைந்தபோது அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டது. குளியலறைக் கதவின் விளிம்பில் இடித்துக்கொண்டு, 'இந்தக் கதவுக்கு என்மேல என்ன கோவமோ' என்று சிரித்தது. சாயங்காலத்துக்குப் பிறகு வண்டியை அவளிடமே கொடுத்துவிடுவது. 'நீ ஓட்டினா நான் தூங்கலாம்ல' என்று சொல்வது. அவன் தூங்கியதே இல்லை.

உடனே அந்த எண்ணத்தைத் தள்ளினாள். ரசனை மாறியிருக்கலாம். களைப்பாக இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவனே பார்த்து, 'அடச்சே' என்று தலையில் அடித்துக்கொள்வான். அதைத்தான் அவள் விரும்பினாள். அவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

மதியம் கூப்பிட்டாள். நடுவிலிருந்த பெரிய தொலைக்காட்சியை இடப்பக்கம் நகர்த்தி, சாதாரணத் தொலைக்காட்சியை அதன் வலப்பக்கம் வைத்தாள். இரண்டு கன்சோல்கள், இரண்டிலும் அதே காட்சி. காலையில் பெரிய தொலைக்காட்சியின் கன்சோலை 'கணக்கு' ஒரு மணி நேரம் இரவல் கேட்டு ஏதோ வேகச் சோதனை செய்துவிட்டுப் போயிருந்தான். கணக்கு என்பது விளையாட்டின் உள்ளே ஓடும் நிரல்களை எழுதுகிறவன். விளக்கின் சிநேகிதன். அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். கூட்டத்தில் ஒருமுறை, 'அண்ணி சொல்ற பிழையை நாளைக்குள்ள சரி பண்ணிடுறேன்' என்று சொல்லப்போய், 'இது ஆபீஸா மாமியார் வீடா' என்று கேப்டன் கத்தியிருந்தார்.

கணவன் உள்ளே வந்து கதவருகே நின்றான். கூடத்து வெளிச்சத்திலிருந்து அந்த அறைக்குள் வந்தால் கண் பழகச் சற்று நேரமாகும், எல்லாருக்கும்தான். அவன் நின்ற நேரம் அதைவிட நீண்டது. பிறகு நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா, நோயாளி வந்தாச்சு. நாக்கை நீட்டணுமா?"

"பேசாம பாரு. இடது பக்கம் பெரிய டிவி, உசத்தி ரகம். வலது பக்கம் கேப்டன் வீட்டு ரகம். ரெண்டுலயும் ஜன்னலைப் பாரு."

இரண்டிலும் ஒரே நேரத்தில் சிறுமியைத் திருப்பினாள். திருப்பிவிட்டு அவள் திரைகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். அவன் முகத்தின் மேல் இரண்டு ஜன்னல்களின் வெளிச்சமும் விழுந்தது.

அவன் நெடுநேரம் பார்த்தான்.

"என்ன தெரியுது?"

"வலது பக்கம் கொஞ்சம் மங்கல்" என்றான். "ஆனா அவ நிக்கிறாளே. இடது பக்கம் நல்லாவே தெரியறா. கை முழங்கையைப் புடிச்சிட்டு. கேப்டனுக்கு என்ன கண்ணு தெரியலையா?"

இடது பக்கம் தெரிகிறது. வலது பக்கம் மங்கல். அது சரிதானே, ஏறக்குறைய. அப்போதுதான் அவள் திரும்பி இடப்பக்கத் திரையைப் பார்த்தாள்.

ஜன்னல் வெள்ளையாக இருந்தது.

முதலில் புரியவில்லை. தொலையியக்கியை எடுத்துத் தகவல் பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் பட்டை வந்தது. நொடிக்கு நூற்றிருபது. எச்டிஆர், சாதாரண வகை. காலையில் கணக்கு வேகச் சோதனைக்காக நூற்றிருபதுக்கு ஏற்றியவன், திரும்ப இறக்காமல் போயிருந்தான். அந்த வேகத்தில் பெரிய தொலைக்காட்சிக்கு உசத்தி ரகம் தெரியாது; கன்சோல் சத்தமில்லாமல் சாதாரண வகைக்கு இறங்கியிருந்தது. காட்சி தொடங்கும்போது மூலையில் சாதாரண வகையின் அடையாளம் ஒரு கணம் மின்னியிருக்கும். அவள் அப்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஜன்னல்களிலும் யாரும் இல்லை. அவன் இரண்டிலும் அம்மாவைப் பார்த்திருந்தான். தான் எங்கே நிறுத்தி வைத்தானோ அங்கே.

கன்சோல்களுக்குள் காற்றாடிகள் மெல்ல ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தகவல் பட்டை தானாகவே மறைந்தது. அவளுடைய மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தால் அது வேறொன்றாக மாறும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"இல்லையா?" என்று கேட்டான்.

அவள் தொலையியக்கியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

"போன மழைக்காலத்துல டாக்டர்கிட்ட போனேன். நெஜ டாக்டர்" என்றான். "விழித்திரைன்னாரு. ஓரத்துலேந்து போகும்னாரு. இருட்டுல முதல்ல போகும், அப்புறம் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மங்கும்னாரு. மெதுவாத்தான் போகும்னாரு. அதை ரெண்டு தடவை சொன்னாரு, நல்ல மனுஷன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா நீ என் வேலையைப் பார்க்க மாட்டே. என்னையே பார்த்துட்டிருப்ப. இப்ப பார்த்துட்டிருந்தே பாரு, அந்த மாதிரி."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அதற்கு உட்கார இடம் கிடைக்காமல் போனது. கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்தாள். இடப்பக்கக் கன்சோலின் அமைப்புக்குள் போய் வேகத்தை அறுபதுக்கு இறக்கினாள். திரை ஒருமுறை கறுத்து மீண்டு வந்தது. மூலையில் உசத்தி ரகத்தின் அடையாளம் மின்னியது. ஜன்னலுக்குள்ளே அம்மா வந்து நின்றாள். ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்தபடி, சற்றே சாய்ந்து.

இத்தனை நாளும் அவள் அந்த உருவத்தை வெளிச்சத்துக்காக மட்டுமே பார்த்திருந்தாள். காலையில் பால் காயும்வரை சமையலறை ஜன்னலோரம் தான் நிற்பது இப்படித்தான் என்று இப்போது பட்டது. அவனிடம் கேட்கவில்லை.

"இப்ப இருக்காளா?" என்று கேட்டான்.

"இப்ப இருக்கா."

"பாரு, எனக்கு வித்தியாசமே தெரியல" என்றான். சிரிக்க முயன்றான்.

அன்று சாயங்காலம் கேப்டனின் அறைக்கு இருவரும் போனார்கள். அவன்தான் சொன்னான், சுற்றி வளைக்காமல். கேப்டன் கேட்டுக்கொண்டே மேசையிலிருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சரி" என்றார். பிறகு வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோல் வாயைத் திறந்தார். "உனக்கு விளக்குன்னு பேரு வச்சதே நான்தான்டா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு, எழுந்து, ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

அவள்தான் பேசினாள். "ஒரு வழி இருக்கு. உசத்தி ரகத்துக்கு அவரு பண்ணினதை அப்படியே விட்டுடலாம். சாதாரண ரகத்துக்கு மட்டும் தனியா வெளிச்சத்தை இறக்கி இன்னொண்ணு பண்ணலாம். டிவி எதுன்னு பார்த்து விளையாட்டே மாத்திக்கட்டும்."

"பண்ணலாம்" என்றார் கேப்டன் திரும்பாமல். "எல்லாக் கட்டத்தையும் ரெண்டு தடவை சோதிக்கணும். பண்ணுவோம். அவனுக்காகப் பண்ணுவோம்."

"வேணாம்" என்றான் அவன்.

"நீ சும்மா இரு."

"வேணாம் கேப்டன். எத்தனை வீட்டுல அந்த டிவி இருக்கும்? இருந்தாலும் கேம் மோட்ல வேலை செய்யணும், வேகத்தை ஏத்தினா இறங்கிடக் கூடாது. நம்ம ஆபீஸ்லேயே இறங்கிடுச்சு. அந்தப் பொண்ணு திரும்பிப் பார்க்கும்போது அம்மா நிக்கணும். எல்லா வீட்டுலயும் நிக்கணும். ஒரே வெளிச்சம்தான். சாதாரண டிவிக்குச் சரி பண்ணிடுவோம், உசத்தி டிவி அதை இன்னும் அழகாவே காட்டும்." சற்று நிறுத்தி, "நானே பண்றேன். கண்ணால இல்ல. நம்பரை வெச்சு" என்றான்.

எண்களை வைத்துத்தான் செய்தான். அவன் மேசைக்குப் பக்கத்தில் அவள் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கணக்கு வந்து, "அண்ணே, வேகத்தை இறக்காம போனது என் தப்புதான்" என்றான். "நீ இறக்கியிருந்தா இவ இன்னும் ரெண்டு மாசம் சந்தோஷமா இருந்திருப்பா" என்றான் அவன். கணக்கு அங்கே நிற்க முடியாமல் போய்விட்டான்.

முதலில் ஆலை. பிறகு பாலம், சந்தை. கடைசியில் வீடு. அவன் ஒவ்வொரு விளக்கின் வெளிச்ச அளவையும் குறைத்துக்கொண்டே வந்தான். அவள் சோதனைப் பார்வையைப் பார்த்து நிறத்தைச் சொன்னாள். சிவப்பு, இன்னும் சிவப்பு, மஞ்சள். ஜன்னலை இறக்கும்போது அவன் கை நின்றது. வெயிலை இறக்கினால் அம்மாவுக்கும் வெயிலுக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கும். ஆரோக்கியமான கண்ணுக்கு அந்தத் தூரம் போதும். எல்லா வீட்டுத் திரைக்கும் போதும். அவனுக்குப் போதாது என்பதால்தான் இத்தனை நாளும் மேலே தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

"இன்னும் எவ்வளவு?"

"இன்னும் கொஞ்சம்."

"பச்சையா?"

"ஓரத்துல மஞ்சள்."

"ஓரம் இருக்கட்டும்" என்றான். "ஜன்னல்தானே."

கடைசிப் பார்வைக்கு அவள் வேண்டுமென்றே வலது ஓரத்துச் சாதாரணத் தொலைக்காட்சியை வைத்தாள். கேப்டன் வந்தார், கணக்கு வந்தான், கூடத்திலிருந்து இன்னும் சிலர் வந்து சுவரோரம் நின்றார்கள். கட்டுப்பாட்டுக் கருவியை அவன் கையில் கொடுத்தாள். சிறுமி வாசலைத் தாண்டினாள். மண் பாதை. வேலி. அந்த இடம் அவன் விரல்களுக்கு மனப்பாடம். அங்கே நிறுத்தி, திரும்பினான்.

பின்னால் யாரோ மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டார்கள். "நிக்கிறா" என்றார் கேப்டன். "தங்கச்சி, நிக்கிறாப்பா" என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னார், அவளுக்குத் தெரியாததுபோல. வெயில் முன்னைவிட மென்மையாக இருந்தது. அதன் நடுவில் அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; முகத்தின் ஒரு பக்கம்கூடத் தெரிந்தது. முன்பு தெரிந்ததில்லை.

எல்லாரும் போன பிறகும் அவன் கருவியைக் கீழே வைக்கவில்லை. சிறுமி வேலியருகே திரும்பிப் பார்த்தபடியே நின்றாள். அந்த அம்மா எப்போதும் அசையாமல் நிற்பவள் அல்ல. அதிக நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களுக்கு மட்டும் ஒருமுறை கையைத் தூக்குவாள். அதை அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். அவளுக்கு இந்தச் சில நாட்களில்தான் தெரிய வந்தது.

அவன் ஜன்னல் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வெறும் வெள்ளை.

அவள் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருவரும் காத்திருந்தார்கள்.

"தூக்கிட்டாளா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

அறைக்குள் காற்றாடிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த முறை அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள். ஜன்னலில் அந்தப் பெண் முழங்கையை விட்டாள்.

"இப்ப" என்றாள்.

அவன் தன் கையைத் தூக்கினான்.